சோறு தீத்த ஊருக்குப் போகிறவர்களுக்கு: அப்பப்பாவும் அம்மம்மாவும் வாசிக்க நாலு வரி

பிள்ளைக்கு முதற்சோறு யாழ்ப்பாணத்து வீட்டில்தான் தீத்த வேண்டும் என்று பயணச்சீட்டு எடுக்கிறவர்கள் பலர். கோயிலில் செய்தாலும், வீட்டில் குத்துவிளக்கும் நிறைகுடமும் வைத்துச் செய்தாலும், வாழ்த்து நாலு வரிக்கு மேல் வேண்டாம். பசித்த பிள்ளை நீண்ட பாட்டுக்குக் காத்திருக்காது. பதிகம் பாட விரும்பும் வீட்டார் அதைப் பிள்ளையை மடியில் இருத்துவதற்கு முன்பே பாடி முடிக்கலாம்.

நான் எழுதித் தரும் வாழ்த்து இது:

உண்ணுக கண்ணே, ஒருவாய்ச் சோறு
மண்ணும் மழையும் மகிழ்ந்தே தந்தது
திண்ணிய உடலொடு தெளிவுற வளர்க
உண்ணும் பொழுதெலாம் பகிர்ந்தே உண்க

ஒவ்வொரு வரியும் 'ண்' எதுகையில் தொடங்குவதால் கண் மங்கிய அப்பப்பாவுக்கும் இரண்டு தரம் சொன்னால் மனதில் நின்றுவிடும். 'கண்ணே' என்ற இடத்தில் பிள்ளையின் பெயரைச் சொல்லலாம். அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா நால்வரும் இருந்தால் ஆளுக்கொரு வரி. இருவர்தான் என்றால் இரண்டிரண்டு வரி. ஒருவர் தொலைபேசிக் காணொளியில் வருவதாக இருந்தால் முதல் வரியை அவருக்கே கொடுங்கள், இணைப்பு எப்போது அறும் என்று தெரியாது. பெரிய எழுத்தில் அச்சிட்டு ஊருக்குக் கொண்டுபோங்கள். வாசித்து முடிந்த பிறகு ஊட்டுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு வாய் என்றால் பிள்ளை விழுங்க நேரம் கிடைக்காது.

நாள் பார்க்கும்போது ஆணுக்கு இரட்டை மாதம், பெண்ணுக்கு ஒற்றை மாதம் என்பார்கள். 6 மாதம் நிறைந்த பிறகே திட உணவு என்று மருத்துவர்கள் சொல்வதால், பெண்பிள்ளைக்கு 5ஐ விட்டு 7ஆம் மாதத்தில் நாள் கேளுங்கள். தலை நிமிர்ந்து நிற்கவும் வேண்டும், பிடித்தால் உட்காரவும் வேண்டும். ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். வந்து இறங்கிய இரண்டாம் நாளே சடங்கு வைத்தால், சுபநேரம் பிள்ளையின் நடுச்சாமமாக இருக்கும். ஒரு வாரமாவது விடுங்கள். நல்லநேரம் இரண்டு கிடைத்தால், பிள்ளை தூங்கி எழும்பும் வேளைக்குக் கிட்டியதை எடுங்கள்.

அடுத்தது சோறு. பெரியவர்களுக்குச் சர்க்கரைப் புக்கை பொங்கட்டும், அதில் கசுக்கொட்டையும் முந்திரிகை வற்றலும் கிடக்கும், தொண்டையில் சிக்கும். பிள்ளைக்குத் தனியாக ஒரு கைப்பிடி பச்சையரிசியை நிறையத் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, உப்பும் சர்க்கரையும் இல்லாமல் மசித்து, தாய்ப்பாலோ கொதித்தாறிய நீரோ விட்டு இளக்குங்கள். நாக்கில் தேன் தொட்டு வைக்க யாராவது வந்தால் மரியாதையாக மறித்துவிடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற கடும் நச்சுநோய் வரக்கூடும். "நாங்கள் எல்லாரும் தேன் குடித்துத்தானே வளர்ந்தோம்" என்பார் அம்மம்மா. "டொக்டர் மறித்துப்போட்டார் அம்மா, அதுக்குப் பதிலா நீங்கள் முதல் வாய் தீத்துங்கோ" என்று சொன்னால் மனம் நோகாது.

முதல் வாயைப் பிள்ளை நாக்கால் வெளியே தள்ளும். அது பிடிக்காமல் அல்ல, புதிதாக உண்ணும் பல பிள்ளைகளும் அப்படித்தான். முகத்தைத் திருப்பினால் அல்லது வாயை இறுக்கினால் போதும் என்று அர்த்தம். வரிசையில் நிற்கிற மாமா, சித்திமார் அப்போது நெற்றியில் திருநீறு பூசி வாழ்த்தட்டும்.