16 தட்டு, மூன்று உயரம்: டிஸ்க் ஸ்பிரிங் அடுக்கும்போது விடும் தவறுகள்

திருகோணமலையில் கரைக்கு இழுத்த படகைத் தாங்கி நிற்கும் வின்ச் ஒன்றின் பிரேக் எங்கள் பட்டறைக்கு வந்தது. பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது டிஸ்க் ஸ்பிரிங் போட்டுப் பூட்டியிருந்தார்கள். தட்டுகள் சரியான அளவு, எண்ணிக்கையும் சரி. மூடியும் பூட்டிக்கொண்டது. ஆனாலும் பாரம் ஏறியதும் வயர் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கும் என்று நினைத்து அதை இரண்டு தடவை மாற்றியும் விட்டார்கள். பிழை லைனிங்கில் இல்லை, தட்டுகளை அடுக்கிய விதத்தில் இருந்தது.

இந்த வகைப் பிரேக்கில் பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பது எண்ணெய் அழுத்தம். கிண்ணம்போல் சற்றுக் குவிந்த உருக்குத் தட்டுகள் ஒரு தண்டில் கோர்க்கப்பட்டு, லைனிங்கை எந்நேரமும் அழுத்திக்கொண்டிருக்கும். வின்ச் சுற்றவேண்டிய நேரத்தில் பிஸ்டன் அவற்றை இன்னும் அமுக்கும், பிரேக் விடும். ஆகவே அடுக்குக்கு இரண்டு வேலை: பூட்டிய நிலையில் போதிய விசை தரவேண்டும், அதற்கு மேலும் அமுங்க இடம் வைத்திருக்கவேண்டும்.

இதில் இருந்தது 50 மி.மீ. வெளிவிட்டம், 25.4 மி.மீ. உள்விட்டம், 2 மி.மீ. தடிப்பு உள்ள தட்டு. டிஐஎன் 2093 என்ற ஜேர்மன் தர அட்டவணையில் பி வரிசையில் இருக்கும் அளவு இது. பாரமில்லாமல் ஒரு தட்டின் உயரம் 3.4 மி.மீ. அதில் 2 மி.மீ. உருக்கின் தடிப்பு, மீதி 1.4 மி.மீ. கிண்ணத்தின் குழிவு. அமுங்கக்கூடியது இந்த 1.4 மட்டும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் இனி வரும் கணக்கெல்லாம் தானாக விளங்கும்.

ஒரே பக்கம் பார்க்க ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் அது சமாந்தரம். விசை தட்டின் எண்ணிக்கையால் பெருகும், அமுங்கும் அளவு ஒரு தட்டினுடையதே. முகத்துக்கு முகம் திருப்பி அடுக்கினால் அது தொடர். அப்போது அமுங்கும் அளவு பெருகும், விசை ஒரு தட்டினுடையதாகவே இருக்கும். விசை போதவில்லை என்று தொடராக இன்னும் நாலு தட்டைச் சேர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தொடரில் எத்தனை தட்டைச் சேர்த்தாலும் அடுக்கு தாங்கும் விசை கூடாது.

அந்த வின்சுக்குத் தேவைப்பட்டது இதுதான்: பூட்டிய நிலையில் அடுக்கின் நீளம் 37.6 மி.மீ., அந்த நிலையில் விசை 7000 நியூட்டன், அதாவது சுமார் 700 கிலோ பாரம். விடுவிக்கும்போது இன்னும் 2.8 மி.மீ. அமுங்கவேண்டும். இந்தத் தட்டு 0.7 மி.மீ. அமுங்கும்போது சுமார் 3500 நியூட்டன் தரும். ஆகவே 7000 வேண்டுமானால் இரண்டிரண்டாகச் சமாந்தரம். ஒரு தட்டைக் குழிவின் முக்கால்வாசிக்கு மேல், அதாவது 1.05 மி.மீ.க்கு மேல், வேலையில் அமுக்கக்கூடாது. 0.7இலிருந்து 1.05 வரை ஒரு சோடிக்குக் கிடைப்பது 0.35 மி.மீ. அசைவு. 2.8ஐ 0.35ஆல் வகுத்தால் 8. ஆக 8 சோடி தொடராக, மொத்தம் 16 தட்டு.

பாரமில்லா உயரத்தில்தான் பலர் முதலில் தவறுகிறார்கள். 16ஐ 3.4ஆல் பெருக்கி 54.4 மி.மீ. என்று எழுதிவிடுகிறார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் சோடியில் இரண்டாவது தட்டு தன் தடிப்பை மட்டுமே உயரத்தில் சேர்க்கும், குழிவைச் சேர்க்காது. சரியான கணக்கு இது:

```
L0 = i × h0 + N × t
L0 = 8 × 1.4 + 16 × 2 = 43.2 mm
```

N என்பது மொத்தத் தட்டுகள், t தடிப்பு, h0 குழிவு, i என்பது தொடராக நிற்கும் கட்டுகளின் எண்ணிக்கை. ஒன்றுக்குள் ஒன்றாக உட்காரும் தட்டுகள் சேர்ந்தது ஒரு கட்டு, இங்கே ஒரு சோடி. 43.2இலிருந்து 37.6க்கு அமுக்கினால் 5.6 மி.மீ. போகும். அதை 8ஆல் வகுத்தால் ஒரு சோடிக்கு 0.7. கணக்கு பொருந்துகிறது.

இனி வந்த பிரேக்கைப் பார்ப்போம். உள்ளே 16 தட்டும் ஒன்று விட்டு ஒன்று திருப்பி, முழுத் தொடராக இருந்தன. உயரம் 54.4. அதை 37.6க்கு இறக்க 16.8 மி.மீ. அமுக்கவேண்டும். தட்டொன்றுக்கு 1.05. அதில் கிடைக்கும் விசை சுமார் 4760 நியூட்டன் மட்டும். பிடியில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதோடு, பிரேக் பூட்டியிருக்கும்போதே தட்டுகள் முக்கால்வாசி எல்லையில் நிற்கின்றன. விடுவித்தால் 1.225 மி.மீ. வரை போகும். அந்த நிலையில் தட்டுகள் தொடும் இடம் ஓரத்திலிருந்து உள்ளே நகர்ந்து, விசை கணக்கைத் தாண்டி ஏறும், வெடிப்பும் சீக்கிரம் விழும்.

இதே 16 தட்டை நாலு நாலாக வைத்தவர்களும் இருக்கிறார்கள், "கனமாக வைத்தால் நல்லாப் பிடிக்கும்" என்ற எண்ணத்தில். அப்போது கட்டு 4தான். உயரம் 4 × 1.4 + 32 = 37.6. பூட்டிய நீளமும் அதேதான்! மூடி கையாலேயே போய் உட்காரும், பிரேக்கில் பிடியே இருக்காது. விடுவிக்கப் போனால் 2.8 மி.மீ. அசைவுக்கு 14000 நியூட்டன் கேட்கும்.

மூன்று அடுக்கும் தட்டையாக நசுங்கினால் 32 மி.மீ.தான். அதனால் எல்லாம் அதே பிரேக் கூட்டுக்குள் போகும். மூடி பூட்டிக்கொண்டது என்பதை வைத்து அடுக்கு சரி என்று சொல்லமுடியாததற்குக் காரணம் இதுதான். மூடியை வைத்தவுடன், போல்ட்டை இறுக்க முன், எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று வேர்னியரால் அளந்து பாருங்கள். இந்தப் பிரேக்கில் அது 5.6 மி.மீ. இருக்கவேண்டும். 17 மி.மீ. தூக்கி நின்றால் முழுத் தொடர். தூக்கியே நிற்காவிட்டால் நாலு நாலு.

உயரத்தால் பிடிபடாத தவறு ஒன்றும் இருக்கிறது. நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். அவசரத்தில் ஒரு இடத்தில் மூன்று தட்டும் அடுத்த இடத்தில் ஒன்றும் விழுந்துவிடும். மொத்தம் 16, கட்டு 8, ஆகவே உயரம் அதே 43.2. மேலே உள்ள சமன்பாட்டில் கட்டுக்குள் எத்தனை தட்டு என்பது வருவதே இல்லை. ஆனால் தனியாக நிற்கும் தட்டு சுமார் 5900 நியூட்டனில் முழுதாகத் தட்டையாகிவிடும். பிரேக் பூட்டியிருக்கும்போது அடுக்கில் 6500 நியூட்டன் அளவில் இருக்கும். எனவே அந்த ஒரு தட்டு நாள் முழுக்க நசுங்கியே கிடக்கும். பக்கத்து மூன்றும் அமுங்கவேண்டிய அளவுக்கு அமுங்காது. முதலில் உடைவது அந்தத் தனித் தட்டு.

கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. அடுக்கின் இரண்டு முனையிலும் தட்டின் பெரிய விளிம்பே வெளியே பார்க்கவேண்டும். கட்டுகளின் எண்ணிக்கை இரட்டையாக இருந்தால் இது இரு முனையிலும் அமையும். அப்படி வைத்து, பக்கவாட்டில் விளிம்புகளை எண்ணினால் கீழிருந்து 2, இடைவெளி, 4, இடைவெளி, 4, இடைவெளி, 4, இடைவெளி, 2 என்று வரவேண்டும். பாரமில்லாமல் ஒவ்வொரு இடைவெளியும் 2.8 மி.மீ. எங்காவது 3 அல்லது 5 என்று வந்தால் கழற்றிவிடுங்கள். ஆனால் நாலுக்குள்ளேயே மூன்றும் ஒன்றுமாகப் பிரிந்திருந்தால் எண்ணிக்கை காட்டிக்கொடுக்காது. அதனால் நாங்கள் தட்டை ஒவ்வொன்றாகத் தண்டில் கோர்ப்பதில்லை. முதலில் மேசையில் 8 சோடியாகச் சேர்த்து, இரண்டுக்கும் இடையில் கிரீஸ் தடவி, விளிம்பில் பெயிண்டால் ஒரு கோடு இழுத்த பிறகுதான் சோடி சோடியாகக் கோர்ப்போம்.

கணக்கில் 43.2 என்றாலும் உண்மையான அடுக்கு அதில் நிற்காது. ஒரு கட்டில் 0.1 மி.மீ. வித்தியாசம் வந்தால் 8 கட்டில் 0.8. அதைச் சரிசெய்ய நடுவில் சாதாரண வொஷர் போடுவது பெரும் பிழை. மென்மையான வொஷரில் தட்டின் விளிம்பு பள்ளம் வெட்டிவிடும். கடினப்படுத்தித் தேய்த்த தட்டையான வளையம் ஒன்றை அசையாத முனையில் மட்டும் வையுங்கள். உயரத்தைச் சரிக்கட்ட இன்னொரு டிஸ்க் தட்டைச் சேர்ப்பதும் கூடாது. அது விசைக் கணக்கையும் முனை விளிம்பையும் சேர்த்துக் குழப்பும்.

சமாந்தரத்தில் தட்டுக்குத் தட்டு உரசல் உண்டு. ஒரு தொடு முகத்துக்கு சுமார் 2 முதல் 3 வீதம் விசை அதில் போகும். பிரேக் பிடிப்பது ஸ்பிரிங் விரியும் திசையில் என்பதால் அந்த இழப்பு பிடியிலிருந்தே கழியும். இரண்டிரண்டாக இருக்கும்போது அது சமாளிக்கக்கூடியது. ஒரு கட்டில் மூன்றைத் தாண்டினால் நான் வடிவமைப்பையே மாற்றி, தடித்த தட்டு தேடுவேன்.

துருவும் எங்கள் ஊரில் இந்தக் கணக்கைக் கெடுக்கும். உப்புக் காற்றுக்காகத் தட்டுகளை மின்முலாமிடக் கொடுக்கவோ, அமிலத்தில் போட்டுத் துரு எடுக்கவோ வேண்டாம். இந்தக் கடின உருக்கு அதில் ஐதரசனை உறிஞ்சும், பூட்டிய சில நாளில் பாரத்தில் நிற்கும்போதே விண்டுவிடும். பொஸ்பேற் பூச்சோடு வரும் தட்டை வாங்கி நன்றாகக் கிரீஸ் போடுங்கள். துருவில் குழி விழுந்த தட்டை மாற்றியே ஆகவேண்டும்.

லைனிங் தேயும்போதும் அடுக்கு விரியும். 1 மி.மீ. தேய்ந்தால் சோடிக்கு 0.125 மி.மீ. விரிந்து, 7000 நியூட்டன் 6000 அளவுக்கு இறங்கும். அந்தப் பிரேக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது 43.2, 5.6 என்ற இரண்டு எண்ணையும் 2-4-4-4-2 என்ற வரிசையையும் மூடியின் உட்புறத்தில் பஞ்ச் கருவியால் குத்தி, லைனிங்கை மாதம் ஒருமுறை அளக்கும்படி சொல்லி அனுப்பினோம்.