ஆண்டு விழா நடன ஒத்திகை: அட்டவணை போடும்போது எங்கே தவறுகிறோம்?

தனியார் பள்ளியொன்றில் பல வருடங்களாக ஆண்டு விழா நடனங்களுக்கு ஒத்திகை நேரம் ஒதுக்கும் பொறுப்பு என்னுடையது. முதல் வருடம் நான் போட்ட அட்டவணை, பார்க்க அழகாக இருந்தது. பன்னிரண்டு நடனங்கள். விழாவுக்கு முந்தைய நாள் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை மேடை எங்களுக்கு. ஆறு மணி நேரத்தைப் பன்னிரண்டால் வகுத்து, ஒவ்வொரு நடனத்துக்கும் அரை மணி நேரம் என்று எழுதி, நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன்.

அன்று காலை பந்தல்காரர் இரும்புச் சட்டங்களை இறக்கிக்கொண்டிருந்தார். பலகை அடித்து, மேலே கம்பளம் விரித்து, பின்திரை கட்டி முடிக்கும்போது பிற்பகல் ஆகிவிட்டது. மைக்செட் 2 மணிக்குத்தான் தயாரானது. நகரத்தில் இரண்டு பள்ளிகளுக்கு ஆடல் சொல்லிக்கொடுத்த எங்கள் டான்ஸ் மாஸ்டர் 3:15-க்குக் கிளம்ப வேண்டியிருந்தது. 4:15-க்குப் பள்ளி வேன்கள் புறப்படும். கடைசி மூன்று நடனங்கள் மேடை ஏறவே இல்லை. அவற்றில் ஒன்று மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுடையது. காலை 10 மணியிலிருந்து வராண்டாவில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் அவர்கள். அந்தக் குழந்தைகளின் முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

இதில் தாமதத்தைவிடப் பெரிய தவறு, எல்லா நடனத்துக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்தது. பாட்டு ஐந்து நிமிடம் என்பதால் எல்லா நடனமும் ஒன்று போலத் தோன்றுகிறது. ஆனால் இருபத்து நான்கு பேர் ஆடும் ஒயிலாட்டத்துக்கு வரிசை மாறும் இடங்களை மேடையில்தான் பழக முடியும். எட்டுப் பேர் ஆடும் வரவேற்பு நடனத்துக்கு, ஏறுவதும் இறங்குவதும் நடுக்கோடு எங்கே என்பதும் தெரிந்தால் போதும்.

அடுத்த வருடம் நடனங்களைப் பெரியது, சிறியது என்று பிரித்தேன். பெரியது நான்கு, ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம். சிறியது எட்டு, ஒவ்வொன்றுக்கும் 6 நிமிடம். ஒத்திகையே 2 மணிக்குத்தான் தொடங்கும் என்று முன்கூட்டியே எழுதினேன். மொத்தம் 108 நிமிடம்; 4:15 வரை கையில் இருப்பது 135. மிச்சம் 27 நிமிடத்தை யாருக்கும் ஒதுக்காமல் வைத்தேன்.

வரிசையை நிர்ணயித்தது மாஸ்டரின் நேரம். அவர் சொல்லிக்கொடுத்த ஐந்து நடனங்களையும் (மூன்று பெரியது, இரண்டு சிறியது) முதலில் போட்டேன். 57 நிமிடம், 2:57-க்கு முடியும். அவர் கிளம்பும் 3:15 வரை உள்ள 18 நிமிடம், எந்த நடனம் இடறியதோ அதை மீண்டும் ஆடிப் பார்ப்பதற்கு. அதன் பிறகு எங்கள் ஆசிரியர்கள் பொறுப்பேற்ற ஏழு நடனங்கள் 4:06 வரை. விழாவில் நடனங்கள் வரும் வரிசைப்படியே ஒத்திகையும் நடக்க வேண்டும் என்று பலர் வற்புறுத்துவார்கள். அப்படிச் செய்தால், மாஸ்டர் கிளம்பிய பிறகு அவருடைய நடனம் மேடை ஏறும்.

மேடையில் நேரம் மிச்சப்பட வேண்டுமென்றால், அதற்கு முந்தைய மூன்று வாரங்கள் சரியாக நடக்க வேண்டும். பந்தல்காரரிடம் எல்லாரும் கேட்பது வாடகையை மட்டும்தான். நான் இப்போது இன்னும் மூன்று கேட்கிறேன்: நீளமும் ஆழமும் எத்தனை அடி, படி எந்தப் பக்கம், பின்திரைக்குப் பின்னால் நடக்க இடம் உண்டா. ஒரு முறை இருபுறமிருந்தும் நுழையும்படி மாஸ்டர் ஒரு நடனம் அமைத்திருந்தார். மேடைக்கு வலப்புறம் மட்டுமே படி. பின்னால் நடக்க இடமும் இல்லை. இடப்பக்கம் நிற்க வேண்டிய பன்னிரண்டு பேரும் முதல் வரிசையைக் கடந்து போக வேண்டியதாயிற்று. 24 அடி ஆழம் என்று சொன்ன மேடையில், எல்.இ.டி. திரைக்கும் சிறப்பு விருந்தினர் நாற்காலிகளுக்கும் போக ஆடக் கிடைத்தது அதைவிட மிகக் குறைவு. எனவே ஆட உண்மையில் கிடைக்கும் அளவை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடாகப் போட்டு, படி இருக்கும் பக்கத்தில் இரண்டு செங்கல் வைத்து, முதல் நாளிலிருந்தே அதற்குள் பழக்குகிறோம்.

அந்த மூன்று வாரங்களில் அட்டவணை உடைவது ஆசிரியர்களின் நேரத்தில். டைம்டேபிளில் ஒருவருக்கு ஆறாம் பீரியட் காலியாக இருந்தால், அங்கே ஒத்திகையை எழுதிவிடுகிறோம். அது காலியான பீரியட் இல்லை. காலையில் யாராவது விடுப்பு எடுத்தால், அந்த வகுப்பைப் பார்க்கச் சொல்லி சப்ஸ்டிடியூஷன் சீட்டு முதலில் வருவது காலியாக இருப்பவருக்குத்தான். ஒரு வாரத்தில் மூன்று ஒத்திகை இப்படிக் கலைந்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது. இப்போது சப்ஸ்டிடியூஷன் போடும் ஆசிரியரிடம் ஒத்திகை அட்டவணையை முதலிலேயே கொடுத்து, அந்தப் பீரியடுகளை அவருடைய நோட்டில் வட்டமிடச் சொல்கிறேன். ஒவ்வொரு நடனத்துக்கும் இரண்டு ஆசிரியர் பெயர் எழுதுகிறேன். ஒருவர் மாட்டிக்கொண்டாலும் மற்றவர் போவார்.

தினமும் அதே பீரியடை எடுப்பதும் கூடாது. ஆறாம் பீரியட் கணக்கு என்றால், இரண்டாவது வாரம் கணக்கு டீச்சர் பிள்ளைகளை விட மாட்டார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. திங்கள் ஐந்தாவது, செவ்வாய் ஏழாவது என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும். நாற்பது நிமிடப் பீரியடில் வகுப்பிலிருந்து வருவதும் திரும்பிப் போவதும் போக, ஆடக் கிடைப்பது அரை மணி நேரத்துக்குள்தான். பிளஸ் டூ மாணவிகளைச் சேர்ப்பதானால், பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு தொடங்கிவிடும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

இன்னொன்று, பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் தெரியவரும்: ஒரே பிள்ளை இரண்டு நடனத்தில் இருப்பது. நன்றாக ஆடும் பிள்ளைகளை எல்லா ஆசிரியரும் கேட்பார்கள். எங்கள் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி வரவேற்பு நடனத்திலும் கோலாட்டத்திலும் இருந்தாள். இரண்டுக்கும் ஒரே பீரியட் விழுந்ததால், அவள் மைதானத்துக்கும் நூலக வராண்டாவுக்கும் மாறி மாறி ஓடினாள். இரண்டு இடத்திலும் திட்டு வாங்கினாள். பிழை அவளுடையதே அல்ல, அட்டவணை போட்ட என்னுடையது.

அதற்குப் பிறகு, பெயர்ப் பட்டியல் கைக்கு வராமல் நான் நேரம் ஒதுக்குவதில்லை. ஒரு தாளில் கட்டம் போட்டு, நடனங்களின் பெயரை மேலேயும் பக்கவாட்டிலும் எழுதுவேன். எந்த இரண்டு நடனத்தில் ஒரு பிள்ளையாவது பொதுவாக இருக்கிறதோ, அந்தக் கட்டத்தில் குறுக்குக் கோடு. கோடு விழுந்த இரண்டுக்கும் ஒரே பீரியட் கிடையாது. கோடு விழாதவற்றை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் நடத்தலாம். விழா நிகழ்ச்சி நிரலை எழுதும்போதும் அதே தாள்தான் உதவுகிறது. பட்டுப் பாவாடையும் பின்னலும் பூவும் கலைத்து, கோலாட்ட உடைக்கு மாற அந்த மாணவிக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அதனால் குறுக்குக் கோடு உள்ள இரண்டு நடனங்களுக்கு நடுவே குறைந்தது மூன்று நிகழ்ச்சியாவது வைக்கிறேன்.

சிறு பிள்ளைகளை மட்டும் மேடை ஒத்திகைக்கு அவர்களுடைய நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்புதான் வரச் சொல்கிறேன். அதுவரை அவர்கள் வகுப்பில் இருப்பார்கள். கூப்பிட ஒரு ஒன்பதாம் வகுப்பு மாணவன் போய் வருவான்.