என் காதலியின் பெற்றோருக்கு நான் எழுதிய கடிதத்தைத் திருத்திய கதை

முதலில் எழுதியது நான்கு பக்கம். அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இது எனக்கு எழுதின கடிதம்டா, அப்பாவுக்கு இல்ல" என்றாள்.

உண்மைதான். "உங்கள் மகள் இல்லாமல் என்னால் வாழ முடியாது" என்று எழுதியிருந்தேன். காதலிக்கு அது கவிதை, பெற்றோர் காதில் மிரட்டல். தொடக்கத்திலேயே "அன்புள்ள மாமா, அத்தை" வேறு. அவர்கள் இன்னும் தராத உறவை நானே எடுத்துக்கொண்டேன். அதை "மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு" என்று மாற்றினேன்.

அப்புறம் காதலைப் பற்றிய மூன்று பக்கங்களை அடித்துவிட்டு, ஒரு தகப்பன் என்ன கேட்பார் என்று யோசித்தேன். என் பெயர், படிப்பு, வேலை, குடும்பம், எத்தனை வருடப் பழக்கம். கல்விக்கடன் இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருப்பதையும் எழுதினேன். பின்னால் வேறு யாராவது சொல்லித் தெரிந்தால் கடிதம் முழுவதும் பொய்யாகிவிடும்.

கடைசி வரிதான் அதிக நேரம் எடுத்தது. "சம்மதம் தாருங்கள்" என்றால் பதில் ஆம், இல்லை இரண்டுதான். முகம் தெரியாதவனுக்கு இல்லை என்பதே சுலபம். அதனால், "என் பெற்றோருக்கும் விஷயம் தெரியும். உங்களுக்கு வசதியான ஒரு நாளில் நேரில் வந்து பேச அனுமதி வேண்டும்" என்று மட்டும் கேட்டேன்.

ஒரு பக்கம், என் கையெழுத்தில். அவள் தன் வீட்டில் முதலில் சொன்ன பிறகே அனுப்பினேன். கடிதம் பார்த்துத்தான் மகளின் விஷயம் தெரிந்தது என்று ஆகக்கூடாது.

ஒன்பதாம் நாள் அவள் அப்பா போன் செய்தார். முதல் கேள்வி, கடன் பற்றி.