நார் இல்லாத மாம்பழக் கூழ்: முதலில் சல்லடை, பிறகுதான் பிளெண்டர்

ஹட்டன் பக்கத்தில் மாமரம் இருக்கும் வீடு அபூர்வம். இங்கே கிடைக்கும் பழம் எல்லாம் கீழ்நாட்டிலிருந்து லொறியில் ஏறி வருவதுதான். ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து சித்தி இரவு பஸ்ஸில் ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான் அனுப்புவார். ஒரு பெட்டிப் பழமும் ஒரே வாரத்தில் பழுத்துவிடும். சாப்பிட்டு முடிக்க முடியாததைக் கூழாக்கி பிரீசரில் வைப்பது என்று மூன்று வருடங்களுக்கு முன் தொடங்கினேன். முதல் வருடம் செய்த கூழில் மூஸ் செய்தபோது ஒவ்வொரு கரண்டியிலும் மெல்லிய மயிர் போன்ற நார் நாக்கில் தட்டுப்பட்டது. கூழை இரண்டு முறை வடித்திருந்தேன். அப்படியிருந்தும் நார் எப்படி வந்தது என்று புரிய எனக்கு இன்னொரு பழக்காலம் தேவைப்பட்டது.

பிழை என் வரிசையில் இருந்தது. பழத்துண்டுகளைப் பிளெண்டரில் அடித்து, அதன் பிறகு வடித்தேன். மாம்பழத்தின் நார் கொட்டையின் ஓட்டிலிருந்து தோலை நோக்கி நீள நீளமாக ஓடும். முழு நீளத்தில் இருக்கும்போது அது சல்லடைக் கண்ணில் குறுக்கே கிடந்து நின்றுவிடும். பிளெண்டரின் கத்தி அதைச் சிறு துண்டுகளாக வெட்டிவிட்டால் அந்தத் துண்டுகள் கூழோடு கூழாகக் கண் வழியே இறங்கிவிடும். அதற்குப் பிறகு எத்தனை முறை வடித்தாலும் பயன் இல்லை. ஆகவே, நார் வெளியேறும் வரை பிளெண்டரின் கத்தி பழத்தைத் தொடவே கூடாது. இந்தப் பதிவில் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பழம் எந்தப் பக்குவத்தில் இருக்க வேண்டும்

காம்புப் பக்கம் விரலால் அழுத்தினால் இலேசாக அமிழ வேண்டும், வாசனை தோலுக்கு வெளியே வர வேண்டும். அரைப்பழுப்பில் சதை நாரை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். நன்றாகக் கனிந்த பின்தான் சதை இளகி நாரிலிருந்து வழுக்கி விலகும். வெட்டிச் சாப்பிடச் சற்றுக் கூடுதலாகக் கனிந்துவிட்டது என்று நாம் ஒதுக்கும் பழம்தான் கூழுக்கு உத்தமம். ஆனால் கள் போன்ற புளித்த வாடை வந்த பழத்தைச் சேர்க்க வேண்டாம். அந்த வாடை பிரீசரில் போகாது.

மலைநாட்டில் நமக்கு இருக்கும் தனிப்பிரச்சினை குளிர். ஏறக்குறைய 13 பாகைக்குக் கீழே காய் நீண்ட நேரம் இருந்தால் தோலில் சாம்பல் நிறப் புள்ளிகள் விழும். பிறகு வெப்பத்தில் வைத்தாலும் ஒழுங்காகப் பழுக்காமல் புளிப்பாகவே நிற்கும். பழுக்காத காயை பிரிட்ஜில் வைக்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். நான் பத்திரிகைத் தாளில் ஒவ்வொரு காயையும் சுற்றி, ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு அட்டைப்பெட்டியில் இட்டு, அடுப்படி அலமாரியின் மேல்தட்டில் வைக்கிறேன். வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு மாங்காயையும் பழுக்க வைக்கும். நான்கு அல்லது ஐந்து நாட்கள் போதும். தினமும் ஒருமுறை பெட்டியைத் திறந்து, பழுத்ததை வெளியே எடுத்துவிடுங்கள்.

(பின்சேர்க்கை: நுவரெலியாவிலிருந்து ஒரு சகோதரி, பெட்டியைச் சன்னல் ஓரத்தில் வைத்ததாகவும் பத்து நாளாகியும் பழுக்கவில்லை என்றும் எழுதியிருந்தார். இரவில் சன்னல் ஓரம்தான் வீட்டிலேயே மிகவும் குளிர்ந்த இடம். பெட்டியை உள்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள்.)

சதையை எடுத்தல்

பழத்தைக் கழுவித் துடைத்து, காம்புப் பக்கம் ஒரு சிறு வட்டம் வெட்டி எறிந்துவிடுங்கள். அங்கே தங்கியிருக்கும் பால் கூழுக்கு ஒரு காரமான மணத்தைக் கொடுக்கும். பிறகு தோலைச் சீவி, கொட்டையின் இரண்டு பக்கத்துக் கன்னங்களையும் வெட்டி ஒரு பெரிய எவர்சில்வர்ப் பாத்திரத்தில் போடுங்கள். கொட்டையைச் சுரண்ட வேண்டாம். நார் அதிகம் இருப்பது அங்கேதான். கொட்டைகளை வேறு பாத்திரத்தில் சேருங்கள், அவற்றைக் கடைசியில் பார்க்கலாம். வெட்டும்போது உள்ளே புழு இருக்கிறதா என்று ஒவ்வொரு பழத்தையும் பார்க்கவும். வெளியே ஊசித்துளை அளவு புள்ளி மட்டும் தெரியும், உள்ளே சதை பழுப்பாகக் கரைந்திருக்கும்.

நாரைப் பிரித்தல்

கன்னங்களைக் கையால் நன்றாகப் பிசையுங்கள். கட்டி இல்லாமல் தளதளவென்று வர வேண்டும். பிசையும்போதே நீளமான நார் விரல்களில் சுற்றிக்கொள்ளும். அதை எடுத்துப் போட்டுக்கொண்டே இருங்கள்.

அடுத்து முட்டை அடிக்கும் பீட்டர். கம்பிகள் கொண்ட மின்சார பீட்டரை மிகக் குறைந்த வேகத்தில் இரண்டு நிமிடம் கூழுக்குள் ஓட விடுங்கள். கம்பி வெட்டாது, நாரைப் பிடித்துச் சுற்றிக்கொள்ளும். தூக்கிப் பார்த்தால் கம்பியில் மஞ்சள் நூல் சுற்றியது போல இருக்கும். கழுவிவிட்டு மறுபடி ஓட விடுங்கள். கம்பியில் புதிதாக ஒன்றும் சேராத நிலை வரும் வரை இதைச் செய்தால் சல்லடையின் வேலை பாதியாகக் குறையும். பீட்டர் இல்லாதவர்கள் கையால் அடிக்கும் கம்பி அடிப்பானைப் பயன்படுத்தலாம். நேரம் கூடும், பலன் ஒன்றுதான்.

பிறகு சல்லடை. தேங்காய்ப்பால் வடிக்கும் பிளாஸ்டிக் வடியின் கண் இதற்குப் பெரிது. தேயிலை வடியின் கண் மிகச் சிறிது, அதில் தேய்த்தால் கைதான் வலிக்கும். மா அரிக்கும் எவர்சில்வர்ச் சல்லடை, கண் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் உள்ளது, சரியாக இருக்கும். இதற்கென்று ஒன்றை வாங்குவதானால் ஆழமான கிண்ண வடிவத்தை வாங்குங்கள். தட்டையான சல்லடையில் கூழ் விளிம்பு தாண்டி வழியும்.

ஒரு தடவைக்கு இரண்டு அகப்பை கூழ் போதும். அகப்பையின் முதுகால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து கீழே குத்தி அழுத்தினால் நார் நேராக நிமிர்ந்து கண்ணுக்குள் நுழைந்துவிடும், வட்டமாகத் தேய்த்தால் படுத்தே கிடக்கும். சல்லடையில் நார் மெத்தை போலச் சேர்ந்ததும் அதை வழித்து எடுத்து, சல்லடையைத் தண்ணீரில் கழுவி, உதறிவிட்டுத் தொடருங்கள். கடைசிச் சொட்டு வரை பிழிய வேண்டும் என்று அந்த மெத்தையைப் போட்டு அழுத்தாதீர்கள். நான் இங்கேதான் இரண்டாம் வருடமும் தவறினேன். ஒரு கரண்டி கூழை மிச்சப்படுத்தப் போய் முழுப் பாத்திரத்துக்குள்ளும் நாரை இறக்கிவிட்டேன்.

நார் போய்விட்டதா என்று அறிய: ஒரு தேக்கரண்டி கூழை ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் கலக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நார் இருந்தால் மிதக்கும் இழைகளாகத் தெரியும். தெரிந்தால் இன்னொரு முறை வடியுங்கள்.

இப்போது பிளெண்டர். பத்து விநாடி மட்டும், கூழ் ஒரே சீராக வருவதற்காக. அதிக நேரம் அடித்தால் காற்றுக் குமிழ் ஏறிவிடும், நிறமும் விரைவில் மங்கும். 250 கிராம் கூழுக்கு ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு சேர்த்தால் மஞ்சள் நிறம் நிற்கும். சீனி சேர்க்காமல் வைப்பதே என் விருப்பம். ஐஸ்கிரீமுக்கு டின்பால் சேர்க்கப் போகிறோம், லஸ்ஸிக்கு ஒவ்வொருவர் வாய்க்கு ஏற்றபடி போடப் போகிறோம். முன்கூட்டியே இனித்த கூழால் இரண்டையும் சரிப்படுத்த முடியாது.

கொட்டைகளில் அரைத் தம்ளர் தண்ணீர் ஊற்றி, கையால் பிசைந்து அதே முறையில் வடியுங்கள். அது தண்ணீரான கூழ். மூஸுக்கு ஆகாது, லஸ்ஸிக்கு நன்றாக இருக்கும்.

பங்கிட்டு உறைய வைத்தல்

போன ஜூனில் 12 பழங்கள் 4 கிலோ 200 கிராம் இருந்தன. நல்ல கூழ் 1 கிலோ 900 கிராம் வந்தது, கொட்டைக் கூழ் 300 கிராம். அதை இப்படிப் பங்கிட்டேன். 250 கிராம் வீதம் நான்கு பைகள் மூஸுக்கு. ஒரு பைக்கு 200 மில்லிலீற்றர் கிரீம் அடித்துச் சேர்த்தால் நான்கு பேருக்கு வரும். 500 கிராம் ஒரு பை ஐஸ்கிரீமுக்கு, அதற்கு 400 மில்லிலீற்றர் கிரீமும் ஒரு டின்பாலும். மீதி 400 கிராமும் கொட்டைக் கூழும் ஐஸ்கட்டித் தட்டில், ஒவ்வொரு கட்டியும் ஏறக்குறைய 20 கிராம். ஐந்து கட்டியும் முக்கால் கோப்பை எருமைத் தயிரும் சிறிது தண்ணீரும் ஒரு லஸ்ஸி.

பைகளில் காற்றை வெளியே தள்ளி மூடி, இரண்டு சென்றிமீற்றர் தடிப்பில் தட்டையாக்கி, ஒரு தட்டில் படுக்க வையுங்கள். முதல் இரவு ஒன்றன்மேல் ஒன்று அடுக்க வேண்டாம். மெல்லியதாக இருந்தால் விரைவில் உறையும். விரைவில் உறைந்தால் பனிக்கட்டித் துகள் சிறிதாக இருக்கும், உருகிய பிறகும் கூழ் வழவழப்பாகவே இருக்கும். டப்பாவில் வைப்பவர்கள் மேலே ஒரு விரல் அகலம் இடம் விடுங்கள், உறையும்போது கூழ் ஊதும். ஐஸ்கட்டிகள் இறுகியதும் தட்டிலிருந்து எடுத்துப் பையில் மாற்றுங்கள். தட்டிலேயே விட்டால் பிரீசரில் இருக்கும் மீன் வாடையை இழுத்துக்கொள்ளும். பையின் மேல் திகதியும் நிறையும் எழுதுங்கள். அடுத்த மாம்பழக்காலம் வரை வைத்திருக்கலாம், எட்டு மாதத்துக்குள் முடித்தால் மணம் குறையாது.

மூஸ் செய்வதற்கு முதல்நாள் இரவே பையை பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். உருகியதும் மேலே கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதை ஊற்றிவிட வேண்டாம், கலக்கினால் சேர்ந்துவிடும். லஸ்ஸிக்குக் கட்டிகளை உருக வைக்கத் தேவையில்லை.

(பின்சேர்க்கை: மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்று பண்டாரவளையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். 2022இல் நீண்ட மின்வெட்டுகளைப் பார்த்த எவருக்கும் வரும் கேள்விதான். நிரம்பிய தனிப் பிரீசரைத் திறக்காமல் வைத்தால் இரண்டு நாள் வரை குளிர் தாங்கும், பாதி நிரம்பியது ஒரு நாள். பிரிட்ஜின் மேல் உள்ள சிறு அறை அவ்வளவு தாங்காது. மின்சாரம் வந்ததும் பையை அழுத்திப் பாருங்கள். உள்ளே இன்னும் பனிக்கட்டி நறநறவென்று இருந்தால் மறுபடி உறைய வைக்கலாம், மூஸுக்கு மட்டும் வேண்டாம். முழுவதும் உருகியிருந்தும் நன்றாகக் குளிர்ந்தே இருந்தால் அன்றே லஸ்ஸி செய்து குடித்துவிடுங்கள். குளிர் விட்டுப்போயிருந்தால் கொட்டிவிடுங்கள்.)