கட்டுரைப் பகுதி சேவைப் பக்கத்தோடு போட்டி போடுகிறதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் கல்யாணம், காவடி, பதினாறாம் நாள் காரியம் என்று சைவச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கும் ஒரு சிறு தொழிலை எடுத்துக்கொள்வோம். இணையதளத்தில் கல்யாணச் சமையல், கோயில் அன்னதானம், வீட்டுப் பூஜைச் சாப்பாடு என்று மூன்று சேவைப் பக்கங்கள். கட்டுரைப் பகுதி தொடங்கியதும் மஞ்சளின் நன்மைகள், சாம்பார் பிறந்த கதை என்று எழுதத் தோன்றும். படிக்க ஆட்கள் வரத்தான் செய்வார்கள், ஆனால் சென்னையிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும். தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் நாடு வாரியாகப் பிரித்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். அவர்களில் யாரும் சாட்ஸ்வொர்த்தில் பந்தி போடச் சொல்லப் போவதில்லை.

இந்தத் தவறு சீக்கிரம் கண்ணில் படும். இதற்கு நேர்மாறான தவறுதான் நிறையப் பேருக்குத் தெரிவதே இல்லை. சேவையை ஒட்டி எழுத வேண்டும் என்று புரிந்துகொண்டு, "டர்பனில் சைவக் கல்யாணச் சமையல்: முழு விவரம்" என்று ஒரு கட்டுரை போடுகிறார்கள். சேவைப் பக்கத்தின் தலைப்பும் கிட்டத்தட்ட அதுவேதான். இப்போது ஒரே தேடலுக்கு உங்களிடம் இரண்டு பக்கங்கள். கூகுள் ஒரு வாரம் இதைக் காட்டும், அடுத்த வாரம் அதைக் காட்டும். பல நேரம் கட்டுரை மேலே வந்து, விலையும் தொலைபேசி எண்ணும் உள்ள பக்கம் கீழே போய்விடும். சர்ச் கன்சோலில் அந்தத் தேடல் சொல்லைத் தேர்ந்தெடுத்து, அதற்கு எந்தெந்தப் பக்கங்கள் வருகின்றன என்று பாருங்கள். இரண்டு பக்கங்கள் மாறி மாறி வந்தால் பிரச்சினை இதுதான். கட்டுரையில் இருக்கும் நல்ல பகுதிகளைச் சேவைப் பக்கத்தில் சேர்த்துவிட்டு, பழைய முகவரியை 301 என்ற நிரந்தரத் திருப்பல் மூலம் அங்கே திருப்பிவிடுவது நல்லது.

அப்படியானால் கட்டுரைக்கு என்ன மிச்சம்? வாடிக்கையாளர் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் கேட்கும் கேள்விகள் எல்லாமே கட்டுரைக்கு உரியவை. "200 பேருக்கு எவ்வளவு அரிசி வேண்டும்?" என்பது அப்படி ஒன்று. தலைக்குச் சுமார் 100 கிராம் என்று வைத்தால் 20 கிலோ. காய்கறி பிரியாணியோடு பருப்பு, பாயசம், பலகாரம் எல்லாம் இருந்தால் அளவு எப்படி மாறும், கூடத்தில் அடுப்பு வைக்க அனுமதி உண்டா, மிச்சம் ஆவதை என்ன செய்வது என்று விரிவாக எழுதலாம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவர் வீட்டில் கல்யாணம் இருக்கிறது. அடுத்து அவர் தேடப் போவது சமையல்காரரைத்தான்.

அந்த இடத்தில்தான் இணைப்பு வேலை செய்ய வேண்டும். கட்டுரையின் அடியில் "இங்கே அழுத்தவும்" என்று போட்டால் அது எந்தப் பக்கம் என்று படிப்பவருக்கும் தெரியாது, கூகுளுக்கும் தெரியாது. அரிசிக் கணக்கு முடியும் வரியிலேயே, போகும் பக்கத்தின் பொருள் தெரியும்படி இணையுங்கள்:

```html
<a href="/wedding-catering">vegetarian wedding catering in Durban</a>
```

சில வார்ப்புருக்கள் ஜாவாஸ்கிரிப்டை மட்டும் நம்பிப் பொத்தான் வைக்கின்றன. போகும் முகவரியைச் சொல்லும் `href` இல்லாத பொத்தானை கூகுள் இணைப்பாக நம்பகமாக எடுத்துக்கொள்ளாது. அப்புறம், சேவைப் பக்கத்திலிருந்தும் அந்தக் கட்டுரைக்கு ஒரு இணைப்பு வேண்டும். இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். ஒரு கட்டுரைக்கு ஒரு சேவைப் பக்கம் போதும். மூன்றையும் இணைத்தால் படிப்பவர் எங்கே போவது என்று திகைப்பார்.

கால அட்டவணையில் நடக்கும் தவறு, பண்டிகை அன்று கட்டுரை போடுவது. புரட்டாசி செப்டம்பர் நடுவில் பிறக்கிறது. மாதம் முழுவதும் விரதம் இருக்கும் வீடுகள் பூஜைச் சாப்பாட்டுக்கு ஆகஸ்டிலேயே விசாரிக்கத் தொடங்கிவிடும். கூகுள் ஒரு புதுப் பக்கத்தைக் கண்டுபிடித்து வரிசையில் வைக்கவும் சில வாரங்கள் ஆகலாம். அதனால் புரட்டாசிக் கட்டுரை ஜூலை கடைசிக்குள் ஏற வேண்டும். தைப்பூசக் காவடி ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது. இங்கே டிசம்பர் நடுவிலிருந்து பாதி ஊர் விடுமுறையில் இருக்கும் என்பதால், அன்னதானக் கட்டுரையை நவம்பருக்குள் முடித்துவிடுவதே சரி.

முகவரியில் ஆண்டைச் சேர்க்காதீர்கள். `/purattasi-menu-2025` என்று வைத்தால் அடுத்த ஆண்டு புதுப் பக்கம் போடத் தோன்றும், பழையதற்குக் கிடைத்த இணைப்புகள் அங்கேயே நின்றுவிடும். `/purattasi-menu` என்று வைத்து, ஒவ்வொரு ஜூலையிலும் உணவுப் பட்டியலையும் விலையையும் அதிலேயே திருத்துங்கள். உள்ளே எதையும் மாற்றாமல் தேதியை மட்டும் புதுப்பிப்பதால் பலன் இல்லை.

வேகத்தைப் பொறுத்தவரை, முதல் மாதம் பத்து கட்டுரை போட்டுவிட்டு நின்றுபோவதைவிட மாதம் ஒன்று, இரண்டு போதும். மூன்று மாதம் கழித்து சர்ச் கன்சோலில் உள் இணைப்புகள் பட்டியலைத் திறந்து பாருங்கள். கல்யாணச் சமையல் பக்கத்தைவிட மஞ்சள் கட்டுரைக்கு அதிக இணைப்புகள் இருந்தால், புதிதாக எதையும் எழுதாமல் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.