மொத ஊசிக்கு காய்ச்சல் வந்துச்சுன்னு அடுத்ததை விட்டுட்டீங்களா? விட்ட டோஸை புடிக்கற வழி

நான் காங்கேயம் பக்கம் கிராம சுகாதார செவிலியரா இருந்து ரிட்டயர் ஆனவ. ஊருக்குள்ள நர்ஸம்மான்னா இன்னும் நாந்தான். போன வருசம் ஜூன் மாசம் ஒரு அம்மிணி கொழந்தைய தூக்கிட்டு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை, பிரசவத்துக்கு கொடுமுடி பக்கம் அம்மா வீட்டுக்கு போயிருந்துச்சு. மொத ஊசி போட்ட ராத்திரி கொழந்தைக்கு காய்ச்சல் அடிச்சு தொடை வேற வீங்கிருச்சு, அதப் பாத்துட்டு மாமியார் "இனி இந்த ஊசியே வேண்டாங்கண்ணு, கொழந்த தாங்காது"ன்னு சொல்லிட்டாங்களாம். அப்புறம் ஒரு நோம்பி, ஒரு சீரு, கம்பெனில ஷிப்ட்னு நாலு மாசம் ஓடிப்போச்சு. இப்ப வந்து "மொதல்ல இருந்து எல்லாத்தையும் திரும்பப் போடோணுங்களா?"ன்னு கேக்குது.

வேண்டியதில்லைங்க. போட்ட டோஸ் போட்டதுதான், எத்தன மாசம் தள்ளிப்போனாலும் விட்ட எடத்துல இருந்து புடிச்சா போதும். எப்படிப் புடிக்கறதுன்னு அந்தக் கொழந்தைய வெச்சே சொல்றேன்.

அட்டைய தேடுங்க

தாய் சேய் நல அட்டை இல்லாம யாரும் கணக்கு போட முடியாது. இந்தப் புள்ளயோட அட்டை கொடுமுடில பீரோவுக்குள்ள கெடந்துச்சு, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னோம். தொலஞ்சே போச்சுன்னா பயப்படாதீங்க, ஊசி போட்ட சுகாதார நிலையத்துல ரெஜிஸ்டர் இருக்கும், இப்பெல்லாம் ஊசிக் கணக்கு வெக்கற யூ-வின்ங்கற அரசு ஆன்லைன் பதிவுல ஏத்திருந்தா போன் நம்பர் வெச்சும் பாத்துருவாங்க, பிக்மி நம்பர் ஞாபகம் இருந்தா இன்னும் சுலபம். "போட்டமாட்ட இருக்குது"ங்கற கதை மட்டும் செல்லாதுங்க, தேதி வேணும்.

மாசத்துல எண்ணாதீங்க, வாரத்துல எண்ணுங்க

நெறயப் பேரு தப்பு பண்றது இங்கதான். அரசு அட்டவணைல மொத மூணு தவணை 6 வாரம், 10 வாரம், 14 வாரம். ஒண்ணரை மாசம், ரெண்டரை மாசம், மூணரை மாசம்னு வாய்ல சொல்லுவோம், ஆனா வாரத்துல எண்ணுனா கெழமை மாறாது, நம்ம தமிழ்நாட்டுல புதன்கிழமைதான் ஊசி நாளுங்கறதால அது வசதி.

இந்தக் கொழந்த பொறந்தது 2025 ஜனவரி 1, புதன். பொறந்ததும் ஆஸ்பத்திரிலயே பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி மூணும் ஆச்சு. 6 வாரம் பிப்ரவரி 12, அன்னிக்கு அஞ்சு நோய்க்கு ஒரே ஊசியான பென்டா, போலியோ சொட்டு, போலியோ ஊசி, வயித்துப்போக்கத் தடுக்கற ரோட்டா, நிமோனியாவுக்கான பி.சி.வி. எல்லாம் போட்டாச்சு. 10 வாரம் மார்ச் 12, 14 வாரம் ஏப்ரல் 9, இந்த ரெண்டும் விட்டுப்போச்சு. என்கிட்ட வந்தப்போ கொழந்தைக்கு கிட்டத்தட்ட 23 வாரம்.

இடைவெளி எவ்வளவு வேணும்

ஒரு பென்டாவுக்கும் அடுத்த பென்டாவுக்கும் நடுவுல கொறஞ்சது 4 வாரம் இருக்கோணும். இது கொறஞ்சபட்ச கணக்குதான், எச்சா போனா போட்ட ஊசி வீணாகாது, ஆனா அதுவரைக்கும் கொழந்தைக்கு பாதுகாப்பு அரைகொறையா கெடக்கும், கக்குவான் இருமல் சின்னக் கொழந்தைகளதான் மோசமா தாக்கும். அதுக்காக ஒரே நாள்ல ரெண்டு பென்டா போட்டு கணக்கை நேர் பண்ணவும் முடியாது. வேற வேற ஊசி வேற வேற எடத்துல ஒரே நாள்ல போடலாம், அதே ஊசிய ரெண்டு தடவ போடக்கூடாது.

அதனால ஜூன் 11 புதன்கிழமை நேரமே கூட்டிட்டு போகச் சொன்னேன். அன்னிக்கு ரெண்டாவது பென்டா, சொட்டு, ரோட்டா. போலியோ ஊசிக்கும் பி.சி.வி.க்கும் மொத டோஸ்ல இருந்து 8 வாரம் இடைவெளி வேணும், அது எப்பவோ தாண்டிருச்சு, அதனால அந்த ரெண்டோட ரெண்டாவது டோஸும் அன்னிக்கே. சரியா 4 வாரம் கழிச்சு ஜூலை 9 புதன், மூணாவது பென்டா, சொட்டு, ரோட்டா. அம்புட்டுதான், நாலு மாசமா விட்டது நாலு வாரத்துல நேராயிருச்சு.

வயசு வரம்பு சிலதுக்கு உண்டுங்க. அரசு முறைல பென்டாவும் ரோட்டாவும் மொத டோஸ் ஒரு வயசுக்குள்ள ஆரம்பிச்சிருந்தா மிச்சத்தை முடிச்சுரலாம். ஒரு வயசு வரைக்கும் பென்டா ஆரம்பிக்கவே இல்லைன்னா அப்புறம் அதுக்குப் பதிலா தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூணுக்கான டி.பி.டி. போடுவாங்க. தனியார் டாக்டர்கிட்ட போடறவங்களுக்கு ரோட்டால வயசுக் கணக்கு வேற மாதிரி, அத அவங்ககிட்டயே கேட்டுக்கோங்க, ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க.

சளி புடிச்சிருக்குதுன்னு திரும்பி வராதீங்க

ஜூன் 11 காத்தால அந்த அம்மிணி போன் பண்ணி "மூக்கு ஒழுகுதுங்க, அடுத்த வாரம் போகட்டுங்களா"ன்னுச்சு. லேசான சளி, இருமல், லேசா வயித்தால போறது, இதுக்கெல்லாம் ஊசிய தள்ள வேண்டியதில்லை. கொழந்த நல்லா சொணங்கிக் கெடந்தா, காய்ச்சல் எச்சா இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட காட்டிட்டு, சரியானதும் போட்டுக்கலாம். ஆனா போன ஊசிக்கு அப்புறம் வலிப்பு வந்துச்சு, கொழந்த தொவண்டு வெளுத்துப்போச்சு, மூச்சுத் திணறி மூஞ்சி வீங்குச்சுன்னா, அத நர்ஸ்கிட்ட மறைக்காம சொல்லோணும், டாக்டர் பாத்துத்தான் அடுத்தத முடிவு பண்ணுவாங்க. வெறும் காய்ச்சலும் வீக்கமும் அந்தக் கணக்குல வராதுங்க, மாமியார்கிட்ட நான் உக்காந்து சொன்னது இதத்தான்.

எந்த ஊசி எங்க போட்டாங்கன்னு பாத்து வெச்சுக்கோங்க

இது எனக்கு ரொம்பப் புடிச்ச வெசயம், ஏன்னா எடத்தப் பாத்தாலே எதனால வீங்குச்சுன்னு சொல்லிரலாம். பென்டா இடது தொடைல, பி.சி.வி. வலது தொடைல, போலியோ ஊசி வலது கை மேல்பக்கம் தோலுக்குள்ள ரொம்பக் கொஞ்சூண்டு. இடது தொடை செவந்து சூடா இருக்குது, ராத்திரி காய்ச்சல் அடிக்குதுன்னா பெரும்பாலும் அது பென்டாவுல இருக்கற கக்குவான் இருமல் மருந்தோட வேலை. அன்னிக்கோ மறுநாளோ வந்து ரெண்டு நாளைக்குள்ள எறங்கிரும். காய்ச்சல் போன பொறகும் தொடைல சுண்டக்கா மாதிரி ஒரு கட்டி தட்டுப்படும், வலி இருக்காது, அது கரைய சில வாரமே ஆகும், விட்டுருங்க.

இடது கைல பி.சி.ஜி. போட்ட எடம் வேற கதை. அன்னிக்கு ஒண்ணும் தெரியாது, ரெண்டு வாரத்துல இருந்து ஆறு வாரத்துக்குள்ள சின்னதா கொப்புளம் வந்து ஒடஞ்சு ஆறி தழும்பாகும். அதுக்கு மஞ்சள் அரைச்சுப் போடறது, வெளக்கெண்ணெய் தடவறது, அழுத்திச் சீழ் எடுக்கறது, எல்லாம் பாத்திருக்கறேன், எதுவும் வேண்டாம், தண்ணில கழுவி அப்படியே விடுங்க.

ராத்திரி காய்ச்சல் வந்தா

ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கயே உக்காருங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடாதீங்க. அலர்ஜி வர்றது ரொம்ப அபூர்வம், வந்தா பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்ள காட்டிரும்.

வீட்டுல, வீங்குன எடத்துல சுத்தமான ஈரத்துணிய பச்சத்தண்ணில நனச்சு வெக்கலாம், தேய்க்கக் கூடாது, ஒத்தடம்னு சுடுதண்ணி வேண்டாம். தாய்ப்பால் அடிக்கடி குடுங்க. காய்ச்சல்ல கம்பளி போட்டு மூடறது நம்ம ஊர்ப் பழக்கம், மெலிசாத் துணி போட்டாப் போதும்.

பாராசிட்டமால் காய்ச்சல் வந்த பொறகு மட்டும், முன்கூட்டியே ஊத்தாதீங்க. அளவு எடையப் பாத்துத்தான், ஒரு கிலோவுக்கு 10ல இருந்து 15 மில்லிகிராம். அந்தக் கொழந்த அப்போ 6 கிலோ, அப்போ 60ல இருந்து 90 மில்லிகிராம் வரைக்கும். இப்ப பாட்டிலப் பாருங்க. சொட்டு மருந்து பாட்டில்ல பொதுவா ஒரு மில்லில 100 மில்லிகிராம் இருக்கும், அதனால 0.6 மில்லில இருந்து 0.9 மில்லிதான் வேணும். சிரப்ல 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் இருந்தா அதே 60 மில்லிகிராமுக்கு ஏறக்குறைய 2.4 மில்லி ஆகும். சிரப் அளவ ஞாபகம் வெச்சுட்டு சொட்டு மருந்துல 2.4 மில்லி குடுத்தா நாலு மடங்கு போயிரும், இது நெசமா நடக்கற தப்பு. ரெண்டு தடவைக்கு நடுவுல 6 மணி நேரம், ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல கூடாது. ஆறு வார ஊசிக்கு மட்டும், கொழந்த ரொம்பப் பொடிசுங்கறதால, அளவ நர்ஸ்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்துருங்க.

மூணு மணி நேரத்துக்கு மேல விடாம வீறிட்டு அழுதா, பால் குடிக்காம தொவண்டா, வலிப்பு வந்தா, காய்ச்சல் ரெண்டு நாள் தாண்டுனா, வீக்கம் நாளுக்கு நாள் பெருசானா, விடியட்டும்னு காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு போங்க.

ஜூன் 11 ராத்திரியும் அந்தக் கொழந்தைக்கு காய்ச்சல் வந்துச்சு, 100.6. ரெண்டு தடவ மருந்து, மறுநாள் பொழுதோட எறங்கிருச்சு. மாமியாரே ஈரத்துணி வெச்சாங்களாம்.

அடுத்தது 9 மாசம்

அக்டோபர் 1 புதன்கிழமை 9 மாசம் முடிஞ்சுச்சு, ஆனா அன்னிக்கு ஆயுத பூஜை லீவு. ஒரு வாரம் தள்ளி அக்டோபர் 8 போட்டாங்க: தட்டம்மை ரூபெல்லா, பி.சி.வி. கடைசி டோஸ், மூணாவது போலியோ ஊசி. 9 மாசம் முடியறதுக்கு முன்னாடி அவசரப்பட்டு தட்டம்மை ஊசி கேக்காதீங்க, ஒரு வாரம் பின்னாடி போனா தப்பில்லை.

இந்த தட்டம்மை ஊசிக்கு காய்ச்சல் அன்னிக்கே வராது, ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு வரும், லேசா செவப்பா பொரியலாம், ரெண்டு மூணு நாள்ல போயிரும். அதனால காலண்டர்ல 15ல இருந்து 20 வரைக்கும் வட்டம் போட்டு வெக்கச் சொன்னேன். அக்டோபர் 17 போன் வந்துச்சு, "தீவாளிக்கு ஜவுளி எடுக்க ஈரோடு போயிருந்தமுங்க, கொழந்தைக்கு லேசா சுடுது, வெளில சுத்துனதாலயாட்ட இருக்குது"ன்னாங்க மாமியார். காலண்டரப் பாருங்கன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை, அப்புறம் "ஆமாங்க, வட்டத்துக்குள்ளதான் இருக்குது"ன்னாங்க.