இழுத்து நிரப்பியதும் மொத்தம் குறைந்தது: $ போட்டுச் சரிசெய்தேன்

எக்செல் பில்லில் B2 முதல் B4 வரை மூன்று பொருட்கள், தலா 1000 ரூபாய். E1-இல் வரி 18%. C2-இல் இப்படி எழுதிக் கீழே இழுத்தேன்:

```
=B2+B2*E1
```

மொத்தம் 3540 வர வேண்டும், வந்தது 3180. முதல் வரிசை மட்டும் 1180, மற்ற இரண்டும் வெறும் 1000.

C3-ஐ இருமுறை சொடுக்கிப் பார்த்ததும் காரணம் தெரிந்தது: `=B3+B3*E2`. ஒரு வரிசை கீழே போனதும் E1-உம் E2 ஆக நகர்ந்துவிட்டது. காலிக் கட்டத்தை எக்செல் பூஜ்யமாக எடுப்பதால் பிழைச்செய்தியே வராது, இதுதான் ஆபத்து.

C2-இல் E1 மேல் கர்சரை வைத்து F4 அழுத்தினேன் (சில லேப்டாப்பில் Fn+F4):

```
=B2+B2*$E$1
```

$ இருப்பதால் இழுத்தாலும் E1 நகராது. B2-க்கு $ வேண்டாம், அது நகரத்தான் வேண்டும். C2-ஐ மட்டும் திருத்தினால் போதாது. C4 வரை மறுபடி இழுத்த பிறகே 3540 வந்தது.